கடைசிப் பந்திக்காரனின் சாப்பாட்டுக் கணக்கு

என் அக்கா மகனுக்குச் சேலத்தில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை கிடைத்தது. ஊர் தியாகதுருகம் பக்கம். இதற்கு முன் வீட்டை விட்டு வெளியே தங்கியதே இல்லை. கையில் வரும் சம்பளம் பதினாலாயிரம். அதில் ஐயாயிரம் அம்மாவுக்கு அனுப்ப வேண்டும் என்பதை வேலைக்குச் சேரும் முன்பே முடிவு செய்துவிட்டான். அறை வாடகையில் அவன் பங்கு இரண்டாயிரத்து ஐந்நூறு. மீதி இருப்பதில் பஸ், போன், துணி சோப்பு எல்லாம் போக, சாப்பாட்டுக்கு நாலாயிரத்துக்குள் முடிந்தால்தான் கையில் ஏதாவது மிஞ்சும்.

நான் ஏற்காட்டில் ஒரு பள்ளி விடுதியின் சமையலறையைப் பார்த்துக்கொள்கிறேன். முந்நூறு பிள்ளைகளுக்கு மூன்று வேளையும் போடுகிற அடுப்படி. அதனால் சாப்பாடு என்று வந்தால் குடும்பத்தில் எல்லாரும் என்னைத்தான் கேட்பார்கள். அவனும் கேட்டான். "மாமா, எந்த மெஸ்ஸுல சேரட்டும்? விலையும் கம்மியா இருக்கணும், வயிறும் கெடக்கூடாது."

இந்தக் கேள்விக்கு "சுத்தமான கடையாகப் பார்த்துச் சேர்" என்பதுதான் எல்லாரும் சொல்லும் பதில். நான் அதைச் சொல்லவில்லை. பளபளவென்று டைல்ஸ் ஒட்டிய ஹோட்டலில் காலையில் அரைத்த சட்னி ராத்திரி வரை ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். தகரக் கூரைக்கடியில் கண் முன்னால் ஆவி பறக்க இட்லி எடுத்துப் போடுகிற அக்காவையும் பார்த்திருக்கிறேன். கடையின் தோற்றத்தை விட, தட்டில் விழும் சோறு அடுப்பை விட்டு இறங்கி எவ்வளவு நேரமாச்சு என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி. அதனால் அவனிடம் முதலில் கேட்டது, "உனக்கு மத்தியானச் சாப்பாடு எத்தனை மணிக்கு?"

மூன்றரைக்கு என்றான்.

அங்கேதான் சிக்கல். பெரிய துணிக்கடைகளில் எல்லாரும் ஒரே நேரத்தில் சாப்பிடப் போக முடியாது. பன்னிரண்டரைக்கு ஒரு கூட்டம், ஒன்றரைக்கு ஒரு கூட்டம் என்று பந்தி பந்தியாக விடுவார்கள். புதிதாகச் சேர்ந்தவனுக்குக் கடைசிப் பந்தி. அதே போல ராத்திரி கடை அடைத்து, கணக்கு ஒப்படைத்து வெளியே வரப் பத்து மணி ஆகிவிடும். ஊரே சாப்பிட்டு முடித்த பிறகுதான் இவனுக்கு இரண்டு வேளைச் சாப்பாடும். அறையில் உடன் இருப்பவர்கள் எல்லாரும் மாதம் மூவாயிரத்து ஐந்நூறு கட்டி ஒரு மெஸ்ஸில் மூன்று வேளையும் சாப்பிடுகிறார்கள். அவர்கள் ஒரு மணிக்குச் சாப்பிடுகிறவர்கள். அதே மெஸ், அதே விலை, அதே சோறுதான். மூன்றரை மணிக்குப் போகிறவன் தட்டில் மட்டும் அது வேறு சாப்பாடு.

ஏன் வேறு என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு பாக்டீரியா இயல்பாகவே இருக்கும். மண்ணிலிருந்து வருவது. உலையில் கொதிக்கும்போது பாக்டீரியா செத்துவிடும், ஆனால் அதன் வித்துகள் சாகாது. நம் வீட்டுச் சோற்றிலும் அவை இருக்கும், ஒன்றும் செய்யாது. சோறு சூடாக, அறுபது டிகிரிக்கு மேல் இருக்கும்வரை அந்த வித்துகள் சும்மா கிடக்கும். சூடு இறங்கி வெதுவெதுப்பானதும் முளைத்துப் பெருக ஆரம்பிக்கும். பெருகும்போது ஒரு நஞ்சை விடும். அந்த நஞ்சுக்கு நிறமும் இல்லை, நாற்றமும் இல்லை. சோறு கெட்டால் வாடை வரும், கொழகொழப்பு வரும் என்று நாம் பழகி வைத்திருப்பது வேறு வகைக் கெடுதல். இது வாடை வருவதற்கு முன்பே வந்துவிடும்.

பதினொன்றரை மணிக்கு வடித்துக் கூடையில் கொட்டின சோறு, துணி போட்டு மூடினால் நடுவில் கொஞ்ச நேரம் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். ஓரத்துச் சோறு சீக்கிரமே இறங்கிவிடும். ஒரு மணிக்கு வருகிறவனுக்கு நடுச் சோறு. மூன்றரைக்கு வருகிறவனுக்குக் கூடையின் ஓரமும் அடியும், அதாவது இரண்டு மூன்று மணி நேரமாக வெதுவெதுப்பில் கிடந்தது. எங்கள் விடுதியில் சமைத்த சோறு வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆறிக் கிடக்கக் கூடாது. ஒன்று சூட்டிலேயே வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் அகலமான தட்டுகளில் மெல்லிசாகப் பரப்பி, விசிறி போட்டு, சீக்கிரம் குளிர்பெட்டிக்குள் போக வேண்டும். மாதம் மூவாயிரத்து ஐந்நூறு வாங்கும் மெஸ்ஸில் அத்தனை தட்டும் பெட்டியும் இருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

"அப்ப மூணரைக்கு எங்கதான் மாமா சாப்பிடறது?" என்றான்.

மூன்றரைக்குப் பசிக்கிற வேறு ஆட்கள் எங்கே சாப்பிடுகிறார்கள் என்று பார்க்கச் சொன்னேன். அவன் கடை பழைய பேருந்து நிலையத்துக்கு அந்தப் பக்கம். அங்கிருந்து செவ்வாய்பேட்டை பக்கம்தான். லீ பஜாரில் மூட்டை இறக்குகிறவர்களும் மண்டியில் கணக்கு எழுதுகிறவர்களும் லாரி காலியாகும்வரை சாப்பிடப் போக மாட்டார்கள். அவர்களை நம்பி நடக்கும் மெஸ்காரர்கள் ஒரே உலையோடு நிறுத்துவதில்லை, இரண்டாவது உலை வைப்பார்கள். மூட்டை தூக்கிவிட்டு வருகிறவன் ஆறின சோற்றைச் சாப்பிட்டுவிட்டுச் சும்மா போக மாட்டான், அடுத்த நாள் வேறு கடைக்குப் போய்விடுவான்.

இப்படி அவன் கண்டுபிடித்தது ஒரு சின்ன மெஸ். நான்கு பெஞ்சு. ஒரு அக்காவும் அவர் வீட்டுக்காரரும் நடத்துகிறார்கள். சோறு, ஒரு குழம்பு, ரசம், ஒரு பொரியல், மோர். வேறு எதுவும் கிடையாது. பட்டியல் சின்னதாக இருப்பது நல்ல அறிகுறி. இருபது வகை எழுதிப் போட்டிருக்கும் சின்னக் கடையில் அந்த இருபதில் பாதி நேற்றையதாகத்தான் இருக்க முடியும். நான்கு வகை மட்டும் செய்கிறவருக்கு எல்லாம் அன்றன்றே தீர்ந்துவிடும்.

போனதும் என்ன கேட்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். "சோறு நல்லா இருக்கா" என்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்லப் போவதில்லை. "அக்கா, ரெண்டாவது உலை எப்ப இறங்கும்?" என்று கேட்டால் உண்மையான பதில் வரும். அந்த அக்கா, "ரெண்டே முக்காலுக்கு வடிச்சிருவேன் தம்பி, மூணு மணிக்கு மேல வா" என்றார். முதல் உலைச் சோறு மீந்தால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்டிருக்கிறான். தண்ணீர் ஊற்றி வைத்து மறுநாள் காலையில் பழைய சோறாக அவர்களே சாப்பிடுவார்களாம். இரண்டாவது உலையோடு கலப்பதில்லை. கலப்பதுதான் மோசம். சுடு சோற்றில் ஆறின சோற்றைக் கொட்டிக் கிளறினால் மொத்தமும் வெதுவெதுப்பாகிவிடும், பார்க்கிறவனுக்குப் புதுச் சோறு மாதிரியே தெரியும்.

தட்டில் விழுந்த பிறகு தெரிந்துகொள்ள வழி கைதான். விரலை வைத்ததும் இழுத்துக்கொள்ளும் சூடு இருந்தால் சரி. குழம்பு ஊற்றும் முன்பே சுகமாகப் பிசைய முடிகிறது என்றால் அந்தச் சோறு இறங்கிக் கொஞ்ச நேரம் ஆகிவிட்டது. குழம்பின் சூட்டை வைத்து ஏமாந்துவிடக் கூடாது. குழம்பு அடுப்பிலேயே இருக்கும், சோறு கூடையில் இருக்கும்.

அந்த மெஸ்ஸில் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவனை விலகச் சொன்னேன்: மோர். தயிரைப் பற்றிப் பயமில்லை, அதன் புளிப்பே காவல். மோரில் கலக்கும் தண்ணீர் எந்தக் குடத்திலிருந்து வருகிறது, யார் எந்தக் கையால் மொண்டு ஊற்றினார்கள் என்பது தெரியாது. சேலத்துக்கு மேட்டூரிலிருந்து சுத்திகரித்துத்தான் தண்ணீர் வருகிறது. ஆனால் வீட்டுத் தொட்டியிலும் குடத்திலும் நாள் கணக்கில் பிடித்து வைக்கும்போது அது வேறு தண்ணீராகிவிடுகிறது. ரசம் கொதிக்கிறது, குழம்பு கொதிக்கிறது, மோர் கொதிப்பதில்லை. அவன் இப்போது ரசத்தோடு முடித்துக்கொண்டு, தயிர் வேண்டும் என்றால் ஒரு சின்ன பாக்கெட் வாங்கிக்கொள்கிறான். குடிக்கும் தண்ணீர் அறையிலிருந்து பாட்டிலில் போகிறது.

காலைச் சாப்பாடு சுலபமாக முடிந்துவிட்டது. அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய். 2013ல் சென்னையில் தொடங்கி மற்ற மாநகராட்சிகளுக்கும் வந்தபோது வைத்த விலை. மலிவாக இருப்பதாலேயே அதைப் பற்றித் தயங்குகிறவர்கள் உண்டு. எனக்குத் தயக்கமில்லை. இட்லி ஆவியில் வெந்து அப்படியே தட்டுக்கு வருகிறது, மாவின் புளிப்பு வேறு இருக்கிறது, கூட்டம் அள்ளிக்கொண்டு போவதால் தேங்குவதும் இல்லை. எட்டு மணிக்குள் போய்விட வேண்டும், அவ்வளவுதான். ஐந்து இட்லி, சாம்பாரோடு ஐந்து ரூபாய்.

ஆனால் இட்லி மட்டும் தின்று நாள் முழுக்க நின்றுகொண்டு பில் போட முடியாது. அதனால் ஒரு முட்டை. நாமக்கல் பக்கத்தில் இருப்பதால் சேலத்தில் முட்டைக்கு எப்போதும் பஞ்சமில்லை. ஒன்று ஏழு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறையில் அடுப்பு வைக்க வீட்டுக்காரர் விடமாட்டார், மின்சாரக் கெட்டில் மட்டும் இருக்கிறது. முட்டையைக் கழுவி, கெட்டிலில் போட்டு, தண்ணீர் கொதித்து அதுவாக அணைந்ததும், இன்னொரு முறை கொதிக்க விட்டு, மூடியைத் திறக்காமல் கால் மணி நேரம் விட்டால் மஞ்சள் கரு கெட்டியாகிவிடும். அது கெட்டியாக வேண்டும், குழைவாக இருந்தால் திரும்ப ஒரு கொதி. (இங்கே ஏற்காட்டில் தண்ணீர் தொண்ணூற்றைந்து டிகிரியிலேயே கொதித்துவிடும், ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரம் அல்லவா. எங்களுக்கு முட்டையும் சோறும் வேகக் கூடுதல் நேரம் பிடிக்கும். கீழே அந்தத் தொல்லை இல்லை.) ஓட்டை உரிப்பது சாப்பிடும்போது மட்டும். உரித்து வைத்த முட்டை ஓடு இல்லாத வீடு மாதிரி, எதுவும் உள்ளே வரலாம்.

ராத்திரிதான் கஷ்டம். அதில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

அவனோடு அறையில் இருக்கும் பையன் ஒருவன் ஒரு நாள் பத்தரை மணிக்குத் தள்ளுவண்டியில் எக் ரைஸ் சாப்பிட்டிருக்கிறான். என் மருமகன் அன்றைக்கு வேறு கடையில் தோசை. ஒரு மணி இருக்கும், அந்தப் பையனுக்கு வாந்தி ஆரம்பித்தது. விட்டு விட்டு ஐந்தாறு தடவை. காய்ச்சல் இல்லை. வயிற்றுப்போக்கும் பெரிதாக இல்லை. இவன் பயந்துபோய் எனக்குப் போன் பண்ணினான்.

சாப்பிட்டு எத்தனை மணி நேரம் ஆச்சு என்றேன். இரண்டரை மணி நேரம். கிருமி வயிற்றுக்குள் போய்ப் பெருகி நோய் உண்டாக்குவதென்றால் பெரும்பாலும் அரை நாளோ ஒரு நாளோ பிடிக்கும். ஒன்றிலிருந்து ஐந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால், உணவிலேயே தயாராக இருந்த நஞ்சு உள்ளே போயிருக்கிறது என்று பொருள். சோறு சாப்பிட்டவனுக்கு இப்படி வந்தால் எனக்கு முதல் சந்தேகம் அந்தச் சோற்றின் மேல்தான். எந்தப் பரிசோதனையும் செய்யவில்லை, இருந்தாலும் நேரம் பொருந்துகிறது.

"ஆனா மாமா, அவ்வளவு தீயில தூக்கிப் போட்டு வறுத்தாங்களே. கண்ணால பார்த்தான். எல்லாம் செத்திருக்குமே?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. கிருமி செத்திருக்கும். அது ஏற்கெனவே விட்டு வைத்த நஞ்சு சாகாது. வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு நூறு டிகிரிக்கு மேல் சூடாக்கினாலும் அழியாதது. ஃப்ரைட் ரைஸுக்குச் சோறு உதிரி உதிரியாக வேண்டும் என்பதால் மத்தியானமே வடித்து ஆறப் போட்டு விடுவார்கள். ஆறப் போட்டதைக் குளிர்பெட்டியில் வைத்தால் ஒன்றுமில்லை. தள்ளுவண்டிக்காரருக்குப் பெட்டி ஏது? வெயில் நாளில் பன்னிரண்டு மணியிலிருந்து ராத்திரி வரை பேசினில் கிடக்கும். அந்தப் பெரிய தீயைப் பார்த்து வருகிற நம்பிக்கை அங்கே உதவாது.

அன்றைக்குச் செய்ததெல்லாம் ஓ.ஆர்.எஸ். தான். ஒரு பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுசாகக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக. கடகடவென்று குடித்தால் திரும்ப வந்துவிடும். பாக்கெட் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டுமே தலை தட்டி. குடிப்பது எதுவும் நிற்கவில்லை, சிறுநீர் போகவில்லை, காய்ச்சல் அடிக்கிறது, ரத்தம் வருகிறது என்றால் விடிவதற்குக் காத்திருக்காமல் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போகச் சொன்னேன். தேவைப்படவில்லை. காலையில் எழுந்து கஞ்சி குடித்தான்.

அதற்குப் பிறகு என் மருமகன் ராத்திரிக்கு என்று ஒரு வரையறை வைத்துக்கொண்டான். பத்து மணிக்கு மேல், கல்லிலோ கொப்பரையிலோ கண் முன்னால் வேகிறது மட்டும். தோசை, ஆம்லெட், ஆவியிலிருந்து எடுத்த இட்லி. பரோட்டாவும் அந்த வகையில் தப்பில்லை. சால்னா கொதித்துக்கொண்டிருக்க வேண்டும், மேலே ஏடு படிந்து அசையாமல் இருந்தால் வேண்டாம்.

தேங்காய்ச் சட்னியை அந்நேரத்தில் தொடுவதில்லை. ராத்திரி டிபன் கடையில் முதலில் கெடுவது அதுதான். தேங்காய், பொட்டுக்கடலை, பச்சைத் தண்ணீர், எதுவும் வேகாதது. சாயங்காலம் ஐந்து மணிக்கு அரைத்தது பத்து மணிக்கும் அதே வாளியில். குறையக் குறையத் தண்ணீர் ஊற்றுவார்கள். நல்ல தோசையைச் சாப்பிட்டுவிட்டு வயிறு கெட்டது என்று தோசையைத் திட்டுகிறவர்களில் பாதிப் பேரைக் கெடுத்தது சட்னியாகத்தான் இருக்கும். எங்கள் அக்கா ஊரிலிருந்து இட்லிப் பொடி அரைத்துக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். விக்ஸ் டப்பாவை விடக் கொஞ்சம் பெரிய எவர்சில்வர் டப்பா ஒன்றில் அதைப் போட்டு, சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறான். கடைக்காரரிடம் ஒரு கரண்டி எண்ணெய் கேட்டு வாங்கி, டப்பாவிலிருந்து பொடியைத் தட்டிக் குழைத்துக்கொள்கிறான். வறுத்து அரைத்த பொடியில் ஈரம் இல்லை, அதனால் வாரக்கணக்கில் இருக்கும். ஈரக் கரண்டி மட்டும் உள்ளே போகக் கூடாது.

சேலத்தில் இருந்துகொண்டு தட்டுவடை செட் சாப்பிடாமல் இருக்க முடியுமா என்று கேட்பீர்கள். சாப்பிடட்டும். தட்டுவடை எண்ணெயில் பொரித்துக் காய்ந்தது, அதில் பயமே இல்லை. துருவின கேரட், பீட்ரூட், பச்சைச் சட்னி இவைதான் வேகாதவை. அதனால் சாயங்காலம் வண்டி போட்ட உடனே, அப்போது துருவி வைத்ததாகச் சாப்பிட வேண்டும். அவனுக்கு அந்நேரம் ஓய்வு வாரத்தில் ஒரு நாள்தான், அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிடுகிறான். தட்டுவடையை நொறுக்கிக் கலந்து தரும் நொறுக்கலும்தான்.

இப்போது கணக்கு. காலையில் இட்லி, முட்டை, ஒரு வாழைப்பழம் சேர்த்து நாளுக்கு இருபது ரூபாய், மாதம் அறுநூறு. செவ்வாய்பேட்டை மெஸ்ஸில் சாப்பாடு எழுபது ரூபாய். மாதம் முழுக்க முன்பணம் கட்டுகிறேன் என்று சொல்லிக் கேட்டதில் அந்த அக்கா அறுபதுக்குச் சம்மதித்தார். இருபத்தாறு வேலை நாளுக்கு ஆயிரத்து ஐந்நூற்று அறுபது. ராத்திரி தோசையும் ஆம்லெட்டுமாக ஐம்பது ரூபாய், மாதம் ஆயிரத்து ஐந்நூறு. விடுமுறை நாள் நான்கில் மூன்று நாள் மத்தியானம் அம்மா உணவகத்தில் ஒரு சாம்பார் சாதம், ஒரு தயிர் சாதம். ஒரு நாள் பிரியாணி. எல்லாம் சேர்ந்து நூற்றெண்பதுக்குள். மொத்தம் மூவாயிரத்து எண்ணூற்று நாற்பது. அறைக்காரர்களின் மெஸ்ஸை விட முந்நூற்று நாற்பது ரூபாய் கூடுதல். நாலாயிரத்துக்குள் வந்துவிட்டது. ஒரு நாள் வாந்தி எடுத்துப் படுத்தால் போகும் சம்பளத்தையும் மருந்துச் செலவையும் பார்த்தால் அந்த முந்நூற்று நாற்பது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

இந்தத் திட்டம் உடைகிற இடமும் ஒன்று இருக்கிறது. ஆடி மாதம். துணிக்கடையில் தள்ளுபடி விற்பனை, கடைசிப் பந்தி நாலரை மணிக்குக்கூடப் போகும். அதே நேரத்தில் கோட்டை மாரியம்மன் திருவிழா வந்து, செவ்வாய்பேட்டை மெஸ்ஸும் சில நாள் மூடிவிடும். மூடாத நாளிலும் நாலரைக்கு இரண்டாவது உலையும் ஆறிவிடும்.

அதற்கு நான் சொன்னது புளிசாதம். எல்லாக் கலந்த சாதமும் தாங்காது. எலுமிச்சை சாதத்தில் சாறு போதாமல் கலந்தால் புளிப்பு ஏறாது, தேங்காய்ச் சாதம் சீக்கிரம் போய்விடும், தக்காளிச் சாதத்தையும் நம்ப முடியாது. கெட்டியாகக் காய்ச்சிய புளிக்காய்ச்சலை நல்லெண்ணெயோடு ஒவ்வொரு பருக்கையிலும் படும்படி பிசைந்தால், அந்தப் புளிப்பில் கிருமி பெருக முடியாது. கோயிலுக்கும் பயணத்துக்கும் நம் ஆட்கள் இதையே கட்டிக்கொண்டு போனதற்குக் காரணம் உண்டு. சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி, ஆவி போனதும் உடனே கலக்க வேண்டும். சுடச்சுட டப்பாவில் அடைத்தால் மூடியில் நீர் கோத்து, அது சொட்டின இடத்தில் புளிப்பு நீர்த்துவிடும். கூட முட்டையோ உருளைக்கிழங்கு வறுவலோ அதே டப்பாவில் வைக்கக் கூடாது, அவற்றுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

அவன் மெஸ் அக்காவிடம் போய்க் கேட்டிருக்கிறான். கடை திறந்திருக்கும் ஆடி நாள்களில் காலை ஒன்பது மணிக்கு ஒரு டப்பா புளிசாதம், நாற்பது ரூபாய், டப்பா இவனுடையது. திருவிழாவுக்கு மூடும் நாள்களுக்கு அவரே புளிக்காய்ச்சலை ஒரு பாட்டிலில் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குச் சோறு எங்கே வடிப்பது என்பதுதான் பாக்கி. வீட்டுக்காரரிடம் ஒரு சின்ன ரைஸ் குக்கருக்கு அனுமதி கேட்கப் போகிறான், கரண்டுக்கு மாதம் நூறு ரூபாய் தனியாகத் தருவதாகச் சொல்லி.